வரியில்லா பத்திரமா, வைப்பு நிதியா? வரி போகக் கையில் நிற்பது எவ்வளவு: ஓர் அலசல்

பெங்களூரு: தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம், என்டிபிசி உள்ளிட்ட பொதுத்துறை அமைப்புகள் 2015-16 நிதியாண்டில் வெளியிட்ட பத்தாண்டு வரியில்லா பத்திரங்கள், 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து ஒவ்வொன்றாக முதிர்வடையத் தொடங்கின. அந்தப் பத்திரங்களில் பணம் போட்டவர்களுக்கு அசல் தொகை வங்கிக் கணக்குக்குத் திரும்பி வந்திருக்கிறது. அதை அடுத்து எங்கே வைப்பது என்பதே இப்போது பெங்களூருவின் மாதச் சம்பளக்காரர்களும் ஓய்வூதியர்களும் எதிர்கொள்ளும் கேள்வி.

நெடுஞ்சாலைகள் ஆணையம் 2015 டிசம்பரில் வெளியிட்ட பத்தாண்டுப் பத்திரத்தில் சில்லறை முதலீட்டாளர்களுக்கு 7.39 சதவீத வட்டி வழங்கப்பட்டது. பத்து லட்சம் ரூபாய் போட்டவருக்கு ஆண்டுதோறும் 73,900 ரூபாய் வந்தது. அதில் ஒரு ரூபாய்கூட வருமான வரியாகப் போகவில்லை. அதே பத்து லட்சத்தை இப்போது 6.5 சதவீத வட்டிக்கு வங்கியில் வைத்தால் 65,000 ரூபாய் கிடைக்கும். முதலீட்டாளர் 30 சதவீத வரி அடுக்கில் இருந்தால், 4 சதவீத செஸ் சேர்த்து 20,280 ரூபாய் வரியாகப் போய்விடும். மிஞ்சுவது 44,720 ரூபாய். அதாவது அசல் அப்படியே இருக்க, ஆண்டு வருவாய் மட்டும் 29,180 ரூபாய் குறைகிறது.

பழைய வருவாயை வைப்பு நிதியிலிருந்தே பெற வேண்டுமானால் வங்கி 10.74 சதவீத வட்டி தர வேண்டும். அப்படித் தரும் வங்கி இன்று இல்லை. 2025-ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தைப் படிப்படியாகக் குறைத்ததைத் தொடர்ந்து வங்கிகளின் வைப்பு நிதி வட்டியும் இறங்கியது. எனவே, பலருடைய பார்வை பங்குச் சந்தையில் இன்னும் கைமாறிவரும் பழைய வரியில்லா பத்திரங்களின் பக்கம் திரும்பியிருக்கிறது. ஆனால் அந்தப் பத்திரங்கள் எல்லோருக்கும் லாபம் தருவன அல்ல. யாருக்கு லாபம் என்பதை முதலீட்டாளரின் வரி அடுக்கும், அவர் பத்திரத்துக்குக் கொடுக்கும் விலையுமே தீர்மானிக்கின்றன.

புதிய பத்திரம் கிடையாது, பழையதுதான் சந்தையில்

மத்திய அரசு குறிப்பிட்ட சில பொதுத்துறை அமைப்புகளுக்கு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு அனுமதி வழங்கி வரியில்லா பத்திரங்களை வெளியிடச் செய்தது. நெடுஞ்சாலைகள் ஆணையத்துடன் இந்திய ரயில்வே நிதிக் கழகம், ஊரக மின்மயமாக்கல் கழகமான ஆர்இசி, மின் நிதிக் கழகமான பிஎஃப்சி, ஹட்கோ, நபார்டு போன்றவை இவ்வாறு பணம் திரட்டின. 2015-16-க்குப் பிறகு பொதுமக்களுக்கான புதிய வெளியீடு எதுவும் வரவில்லை.

ஆகவே, இன்று ஒருவர் வரியில்லா பத்திரம் வாங்க வேண்டுமானால், டீமேட் கணக்கு மூலம் தேசியப் பங்குச் சந்தையிலோ மும்பைப் பங்குச் சந்தையிலோ வேறொருவரிடமிருந்துதான் வாங்க வேண்டும். ஆயிரம் ரூபாய் முகமதிப்புள்ள பத்திரம் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்காது. பழைய, உயர்ந்த வட்டி தரும் பத்திரம் என்பதால் விற்பவர் கூடுதல் விலை கேட்பார். முதல் கணக்குப் பிழை இங்கேதான் நேர்கிறது.

பத்திரத்தில் அச்சிட்ட வட்டி உண்மையான வருவாய் அல்ல

நெடுஞ்சாலைகள் ஆணையத்தின் அதே 2015 டிசம்பர் வெளியீட்டில், சில்லறை முதலீட்டாளருக்கு 7.60 சதவீத வட்டி தரும் பதினைந்தாண்டுப் பத்திரமும் இருந்தது. இந்த வகைப் பத்திரம் ஒன்றை, முதிர்வுக்கு ஐந்து ஆண்டுகள் இருக்கும்போது ஒருவர் 1,085 ரூபாய்க்கு வாங்குவதாக உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆண்டுக்கு 76 ரூபாய் வட்டி வரும். 1,085 ரூபாய்க்கு 76 ரூபாய் என்றால் சரியாக 7 சதவீதம். வரியும் இல்லை, 7 சதவீதமும் கிடைக்கிறது என்று பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் ஐந்தாவது ஆண்டின் முடிவில் ஆணையம் திருப்பித் தருவது 1,085 ரூபாய் அல்ல, முகமதிப்பான 1,000 ரூபாய் மட்டுமே. கூடுதலாகக் கொடுத்த 85 ரூபாய் திரும்பி வராது. ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 17 ரூபாய் நஷ்டம். அந்த நஷ்டத்தையும், ஒவ்வொரு வட்டியும் எப்போது கைக்கு வருகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், முதிர்வு வரையிலான வருவாய் விகிதம் 5.6 சதவீதம்தான்.

வைப்பு நிதி வட்டியோடு ஒப்பிட வேண்டியது இந்த 5.6 சதவீதத்தை மட்டுமே. பத்திரத்தின் பெயரோடு வரும் 7.60-ஐயும் ஒப்பிடக் கூடாது, விலையால் வகுத்துக் கிடைக்கும் 7-ஐயும் ஒப்பிடக் கூடாது. பத்திரத்திலிருந்து ஆண்டுதோறும் வரும் வட்டியில் ஒரு பகுதி, உண்மையில் வாங்கியவர் கூடுதலாகக் கொடுத்த சொந்தப் பணமே தவணையாகத் திரும்பி வருவதாகும். வட்டி முழுவதையும் செலவு செய்பவர், முதிர்வின்போது அசல் குறைந்திருப்பதைக் காண்பார்.

விலையில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. பங்குச் சந்தையின் ரொக்கப் பிரிவில் திரையில் தெரியும் விலையில், கடந்த வட்டித் தேதிக்குப் பிறகு சேர்ந்திருக்கும் வட்டியும் அடங்கியிருக்கும். வட்டி வழங்கி ஆறு மாதம் ஆகியிருந்தால், மேற்கண்ட பத்திரத்தில் 38 ரூபாய் சேர்ந்திருக்கும். அப்போது அதே பத்திரம் திரையில் ஏறக்குறைய 1,123 ரூபாயாகத் தெரியும். விலை ஏறிவிட்டதாக அதற்குப் பொருள் இல்லை. அடுத்த வட்டித் தேதியில் 76 ரூபாயும் புதிதாக வாங்கியவருக்கே வந்துசேரும். அதுபோலவே வட்டிக்கான பதிவுத் தேதி கடந்த மறுநாள் விலை இறங்கியிருந்தால், அது மலிவு விற்பனையும் அல்ல. திரையில் தெரியும் விலையிலிருந்து சேர்ந்த வட்டியைக் கழித்த பிறகே இரண்டு பத்திரங்களை ஒப்பிட முடியும்.

எந்த வரி அடுக்கில் எது லாபம்

பத்திரத்தின் உண்மையான வருவாய் தெரிந்துவிட்டால் அடுத்த கணக்கு எளிது. வைப்பு நிதியின் வட்டியிலிருந்து அந்த வட்டிக்குரிய வரியைக் கழிக்க வேண்டும். இங்கே பயன்படுத்த வேண்டியது ஒருவர் மொத்தமாகச் செலுத்தும் வரியின் சராசரியை அல்ல; அவருடைய வருமானத்தின் கடைசி ரூபாய்க்கு விதிக்கப்படும் வரி விகிதத்தையே. வட்டி வருமானம் சம்பளத்தின் மேல் வந்து அமர்வதால், அதற்கு மேல் அடுக்கின் விகிதமே பொருந்தும்.

2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் 12 லட்சம் முதல் 16 லட்சம் ரூபாய் வரையிலான பகுதிக்கு 15 சதவீதமும், 16 முதல் 20 லட்சம் வரை 20 சதவீதமும், 20 முதல் 24 லட்சம் வரை 25 சதவீதமும், அதற்கு மேல் 30 சதவீதமும் வரி. இவற்றின் மீது 4 சதவீத செஸ் உண்டு.

வைப்பு நிதி 6.5 சதவீதமும் வரியில்லா பத்திரம் 5.6 சதவீதமும் தருவதாகக் கொண்டால், 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு வைப்பு நிதியில் வரி போக மிஞ்சுவது 4.47 சதவீதம். பத்திரம் ஒரு சதவீதத்துக்கும் மேல் முன்னால் நிற்கிறது. பத்து லட்சத்துக்கு ஆண்டுக்கு 11,280 ரூபாய் வித்தியாசம். 20 சதவீத அடுக்கில் வைப்பு நிதி 5.15 சதவீதம் தருகிறது. இங்கும் பத்திரமே மேல், ஆனால் இடைவெளி பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. 15 சதவீத அடுக்கில் வைப்பு நிதி 5.49 சதவீதம் தருகிறது. பத்திரத்தின் முன்னிலை வெறும் 0.11 சதவீதம். வரியே கட்டத் தேவையில்லாதவருக்கு வைப்பு நிதியின் 6.5 சதவீதமும் முழுதாகக் கிடைக்கும். அவர் வரியில்லா பத்திரம் வாங்கினால் ஆண்டுக்கு 0.9 சதவீதத்தை வீணாக இழப்பார்.

மூத்த குடிமக்களுக்கு வங்கிகள் பொதுவாக அரை சதவீதம் கூடுதலாகத் தருவதால் இந்த எல்லைக்கோடு அவர்களுக்கு மேலே நகர்கிறது. 7 சதவீத வட்டி பெறும் மூத்த குடிமகனுக்கு, வட்டி மீதான வரி 20 சதவீதத்தைத் தாண்டினால்தான் 5.6 சதவீதப் பத்திரம் லாபம்.

15 சதவீத அடுக்கில் இருப்பவர் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரியில்லா பத்திரங்களில் அன்றாட வர்த்தகம் குறைவு. வாங்குபவர் கேட்கும் விலைக்கும் விற்பவர் சொல்லும் விலைக்கும் இடையே பல நாட்களில் பெரிய இடைவெளி இருக்கும். முன்சொன்ன பத்திரத்தை 1,085-க்குப் பதில் 1,095 ரூபாய்க்கு வாங்கிவிட்டால், முதிர்வு வரையிலான வருவாய் ஏறக்குறைய 0.2 சதவீதம் குறைந்துவிடும். வெறும் பத்து ரூபாய் கூடுதல் விலை, அந்த அடுக்கில் கிடைக்கவிருந்த முழு ஆதாயத்தையும் விழுங்கிவிடும். விலையைக் குறிப்பிடாமல் சந்தை விலைக்கே வாங்கும்படி ஆர்டர் போடுபவர்களுக்கு இது எளிதில் நேரும். எவ்வளவு வரை கொடுக்கலாம் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அந்த விலையைக் குறிப்பிட்டு ஆர்டர் போடுவதே வழி.

பன்னிரண்டு லட்சத்தின் விளிம்பில்

மேற்கண்ட அட்டவணைக் கணக்கு பொருந்தாத ஓர் இடம் இருக்கிறது. இஸ்ரோ, மத்திய அரசு அலுவலகங்கள், பொதுத்துறை வங்கிகள் ஆகியவற்றில் உயர் பதவி வகித்து ஓய்வு பெற்றவர்கள் அதிகம் வாழும் பெங்களூருவில், பலரும் அந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

புதிய வரி முறையில் மொத்த வருமானம் 12 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வரித் தள்ளுபடி காரணமாக வரி பூஜ்யம். ஆனால் 12 லட்சத்தைத் தாண்டினால் அந்தத் தள்ளுபடி நின்றுவிடும். அடுக்குகளின்படி 12 லட்சம் வரையிலான பகுதிக்கே 60,000 ரூபாய் வரி வந்து நிற்கும். ஒரு ரூபாய் கூடுதல் வருமானத்துக்காக 60,000 ரூபாய் வரி கட்டும் நிலையைத் தவிர்க்கவே விளிம்பு நிவாரணம் என்ற ஏற்பாடு உள்ளது. அதன்படி, 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு கூடுதல் வருமானம் உண்டோ, வரி அதற்கு மேல் போகாது. ஏறக்குறைய 12.70 லட்சம் ரூபாய் வரை இந்த நிவாரணம் பயன்படும்.

கேட்பதற்கு ஆறுதலான இந்த ஏற்பாட்டின் மறுபக்கம் என்ன? 12 லட்சத்துக்கும் 12.70 லட்சத்துக்கும் இடையில் வரும் ஒவ்வொரு ரூபாயும் முழுவதுமாக வரியாகப் போகிறது. அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் உண்டு. அந்தக் குறுகிய பகுதியில் வட்டி மீதான வரி விகிதம் 104 சதவீதம் என்பதே இதன் பொருள்.

ஓர் உதாரணத்தில் இது தெளிவாகும். ஜெயநகரில் வசிக்கும் ஓய்வூதியர் ஒருவருக்கு ஆண்டு ஓய்வூதியம் 11,95,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். நிலையான கழிவு 75,000 ரூபாயைக் கழித்தால் வருமானம் 11,20,000 ரூபாய். அவரிடம் 20 லட்சம் ரூபாய் சேமிப்பு இருக்கிறது. அதை மூன்று விதமாக அவர் வைக்கலாம்.

முதலாவது, முழுத் தொகையும் 7 சதவீத வைப்பு நிதியில். ஆண்டு வட்டி 1,40,000 ரூபாய். மொத்த வருமானம் 12,60,000 ஆகிவிடும். அடுக்குகளின்படி வரி 69,000 ரூபாய். விளிம்பு நிவாரணத்தால் அது 60,000 ஆகக் குறையும். செஸ் 2,400 சேர்த்து அவர் கட்ட வேண்டியது 62,400 ரூபாய். வட்டியில் மிஞ்சுவது 77,600 ரூபாய். 20 லட்சத்துக்கு இது 3.88 சதவீதமே.

இதில் வியப்பளிப்பது வேறொன்று. அவர் வட்டி 80,000 ரூபாயோடு நின்றிருந்தால் மொத்த வருமானம் சரியாக 12 லட்சமாக இருந்திருக்கும், வரியே கிடையாது, 80,000 ரூபாயும் கையில் இருந்திருக்கும். கூடுதலாக 60,000 ரூபாய் வட்டி ஈட்டியதன் பலன், கையில் 2,400 ரூபாய் குறைந்ததுதான்.

இரண்டாவது, முழுத் தொகையும் 5.6 சதவீத வருவாய் தரும் வரியில்லா பத்திரத்தில். ஆண்டுக்கு 1,12,000 ரூபாய். அந்த வட்டி மொத்த வருமானத்தில் சேர்வதே இல்லை என்பதால் அவரது வருமானம் 11,20,000-லேயே நிற்கும். வரி பூஜ்யம். வருமான வரிக் கணக்குப் படிவத்தில் விலக்கு பெற்ற வருமானம் என்ற பகுதியில் இந்த வட்டியைக் காட்டினால் போதும்.

மூன்றாவது, இரண்டையும் கலந்து வைப்பது. 11,40,000 ரூபாயை வைப்பு நிதியில் போட்டால் வட்டி 79,800 ரூபாய். மொத்த வருமானம் 12 லட்சத்துக்கு 200 ரூபாய் கீழே நிற்கும். மீதி 8,60,000 ரூபாயை வரியில்லா பத்திரத்தில் போட்டால் 48,160 ரூபாய். ஆக மொத்தம் 1,27,960 ரூபாய், வரியே இல்லாமல்.

மூன்று வழிகளுக்கும் இடையே உள்ள தூரம் பெரியது. முழுவதும் வைப்பு நிதி என்றால் 77,600. முழுவதும் பத்திரம் என்றால் 1,12,000. கலவை என்றால் 1,27,960. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே ஆண்டுக்கு ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம். வரித் தள்ளுபடியின் எல்லை வரை வைப்பு நிதியே சிறந்தது, எல்லையைத் தாண்டும் பகுதிக்கு மட்டும் பத்திரம் சிறந்தது என்பதே இந்தக் கணக்கு சொல்லும் செய்தி.

இதே ஓய்வூதியருக்கு ஓய்வூதியம் இரண்டு லட்சம் குறைவாக இருந்திருந்தால் கதையே வேறு. அப்போது 1,40,000 ரூபாய் வட்டி சேர்ந்தாலும் மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தொடாது. வைப்பு நிதியின் முழு வட்டியும் வரியின்றிக் கையில் நிற்கும். அவருக்கு வரியில்லா பத்திரம் ஆண்டுக்கு 28,000 ரூபாய் நஷ்டம் தரும் தேர்வாக இருக்கும்.

எல்லையில் நிற்பவர் எங்கே சறுக்குகிறார்

விளிம்பில் நடப்பவருக்குச் சிறு பிசகும் பெரிய செலவு. ஓய்வூதியத்தோடு வரும் அகவிலை நிவாரணம் ஆண்டுக்கு இருமுறை திருத்தப்படுகிறது. இந்த ஆண்டு 80,000 ரூபாய்க்கு இருந்த இடம் அடுத்த ஆண்டு 50,000 ஆகச் சுருங்கலாம். சேமிப்புக் கணக்கின் வட்டியும் மொத்த வருமானத்தில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதிர்வின்போதுதான் வட்டி கைக்கு வரும் வைப்பு நிதியாக இருந்தாலும், ஆண்டுதோறும் சேரும் வட்டியை வங்கிகள் அந்தந்த ஆண்டிலேயே வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கின்றன. எனவே ஒவ்வொரு நிதியாண்டின் தொடக்கத்திலும், வைப்பு நிதியைப் புதுப்பிப்பதற்கு முன்பும் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மனைவி பெயரில் வைப்பு நிதியை மாற்றிவிட்டால் பிரச்சினை தீரும் என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. கணவர் அன்பளிப்பாகக் கொடுத்த பணத்திலிருந்து வரும் வட்டி கணவரின் வருமானத்தோடுதான் சேர்க்கப்படும் என்று சட்டம் கூறுகிறது. அந்த வழி இங்கே உதவாது.

வங்கி பிடித்தம் செய்யும் டிடிஎஸ் தொகையையே முழு வரி என்று கருதுவது சம்பளக்காரர்களிடம் காணப்படும் தவறு. ஆண்டு வட்டி 50,000 ரூபாயையும், மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சம் ரூபாயையும் தாண்டினால் வங்கி 10 சதவீதம் பிடிக்கிறது. 30 சதவீத அடுக்கில் இருப்பவர் 65,000 ரூபாய் வட்டிக்கு 6,500 ரூபாய் பிடித்தம் ஆகியிருப்பதைப் பார்த்துவிட்டு வரி முடிந்தது என்று நினைத்தால், இன்னும் 13,780 ரூபாய் பாக்கி இருப்பது கணக்குத் தாக்கல் செய்யும்போதுதான் தெரியவரும். பாக்கி 10,000 ரூபாயைத் தாண்டினால் அதை முன்கூட்டியே வரியாகச் செலுத்தியிருக்க வேண்டும். இல்லையேல் அதற்கும் வட்டி உண்டு.

பத்திரத்தின் பக்கமும் ஒரு பொறி இருக்கிறது. வரியில்லா பத்திரத்தில் வட்டிக்குத்தான் வரி இல்லை, விற்ற லாபத்துக்கு அல்ல. வாங்கி ஓராண்டுக்குப் பிறகு லாபத்தில் விற்றால் அந்த லாபத்துக்கு 12.5 சதவீத நீண்டகால மூலதன ஆதாய வரி உண்டு. 12 லட்சத்துக்கான வரித் தள்ளுபடி இந்த வரிக்குக் கிடைக்காது. ஓராண்டுக்குள் விற்றால் லாபம் சாதாரண வருமானமாகவே சேரும். கூடுதல் விலைக்கு வாங்கி முதிர்வு வரை வைத்திருப்பவருக்கு ஏற்படும் நஷ்டத்தையோ, வேறு மூலதன ஆதாயம் இருந்தால் மட்டுமே அதோடு ஈடுகட்டலாம். ஓய்வூதியத்திலோ வைப்பு நிதி வட்டியிலோ கழிக்க முடியாது.

அதோடு, 2015 டிசம்பர் நெடுஞ்சாலைப் பத்திரத்தில் பதினைந்தாண்டுத் தொடருக்குச் சில்லறை முதலீட்டாளர் பெற்றது 7.60 சதவீதம் என்றால், மற்றவர்கள் பெற்றது 7.35 சதவீதம். வெளியீடுகளில் சில்லறைப் பிரிவின் உச்சவரம்பு பத்து லட்சம் ரூபாய். இத்தகைய கூடுதல் கால் சதவீதம் பத்திரம் கைமாறிய பிறகும் தொடருமா என்பது அந்தந்த வெளியீட்டின் நிபந்தனையைப் பொறுத்தது. வாங்குவதற்கு முன் வெளியீட்டு ஆவணத்தில் இதைப் பார்க்காதவர் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த வட்டியைப் பெறக்கூடும்.

பெங்களூரு முன்பே கண்ட கணக்கு

இந்த ஒப்பீடு பெங்களூருவுக்குப் புதிதல்ல. 1997-இல் பெங்களூரு மாநகரப் பாலிகே 125 கோடி ரூபாய்க்கு நகராட்சிப் பத்திரம் வெளியிட்டது. நாட்டில் ஒரு மாநகராட்சி அவ்வாறு பணம் திரட்டியது அதுவே முதன்முறை. 13 சதவீத வட்டி; மாநில அரசின் உத்தரவாதமும் இருந்தது. ஆனால் வட்டிக்கு வரி உண்டு. அன்றைய 30 சதவீத உச்ச வரி விகிதத்தில் இருந்தவருக்கு அதில் மிஞ்சியது 9.1 சதவீதம்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2005-இல், பெங்களூருவைச் சுற்றியிருந்த எட்டு உள்ளாட்சி அமைப்புகளின் குடிநீர்த் திட்டத்துக்காகக் கர்நாடக நீர் மற்றும் சுகாதாரத் தொகுப்பு நிதியம் 100 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. வட்டி 5.95 சதவீதம் மட்டுமே. ஆனால் வரி இல்லை. அன்று செஸ் சேர்த்து 30.6 சதவீத வரி கட்டியவருக்கு அது 8.57 சதவீத வைப்பு நிதிக்குச் சமம். அப்போதைய வங்கி வட்டி அதைவிடக் கணிசமாகக் குறைவாகவே இருந்தது. 5.95 என்ற எண்ணை மட்டும் பார்த்து ஒதுக்கியவர் இழந்தது, கணக்குப் போட்டவர் பெற்றது.

1997-இன் 13 சதவீதத்தையும் 2005-இன் 5.95 சதவீதத்தையும் நேராக ஒப்பிடுவதும் சரியல்ல. இடைப்பட்ட காலத்தில் நாட்டின் வட்டி விகிதங்கள் அனைத்துமே சரிந்திருந்தன. வைப்பு நிதியையும் பத்திரத்தையும் ஒரே நாளின் விலையில், ஒரே கால அளவுக்கு ஒப்பிட்டால்தான் விடை சரியாக வரும். மூன்று ஆண்டில் முதிரும் பத்திரத்துக்கு இணை மூன்று ஆண்டு வைப்பு நிதியே தவிர, பத்தாண்டு வைப்பு நிதி அல்ல.

வட்டிக்கு அப்பால்: பணம் திரும்பி வருமா

வரி போக வட்டி குறைகிறது என்பதால், கூடுதல் வட்டி தரும் சிறிய கூட்டுறவு வங்கியைத் தேடிச் செல்வது மூன்றாவது வழியாகப் பலருக்குத் தோன்றுகிறது. அதன் விலையையும் பெங்களூரு அறியும். பசவனகுடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்ரீ குரு ராகவேந்திரா கூட்டுறவு வங்கி மீது 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது, ஒரு வைப்பாளர் எடுக்கக்கூடிய தொகை 35,000 ரூபாயாக வரையறுக்கப்பட்டது. ஓய்வுக்காலச் சேமிப்பை அங்கு வைத்திருந்த மூத்த குடிமக்கள் தங்கள் பணத்துக்காகவே காத்திருக்க நேர்ந்தது.

வங்கி வைப்பு நிதிக்கு, அசலும் வட்டியும் சேர்த்து, ஒருவருக்கு ஒரு வங்கியில் ஐந்து லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. அந்த ஆண்டு பிப்ரவரி வரை இந்த வரம்பு ஒரு லட்சமாகவே இருந்தது. வரியில்லா பத்திரத்துக்கு இந்தக் காப்பீடு கிடையாது. அதை வெளியிட்டவை அரசுக்குச் சொந்தமான அமைப்புகள் என்பதும், அவற்றில் பெரும்பாலானவை உயர்ந்த தர மதிப்பீடு பெற்றவை என்பதும்தான் அதன் பலம். ஆனால் பொதுத்துறை நிறுவனத்தின் கடனுக்கு, மத்திய அரசு நேரடியாகத் தரும் உத்தரவாதம் இருப்பதாகக் கருதிவிடக் கூடாது.

அவசரத்துக்குப் பணம் வேண்டுமானால் வைப்பு நிதியே கைகொடுக்கும். வட்டியில் சிறிது குறைத்துக்கொண்டு வங்கி பெரும்பாலும் அன்றே பணத்தைத் தந்துவிடும். பத்திரத்தை விற்க வேண்டுமானால் அந்த நாளில் வாங்க ஆள் இருக்க வேண்டும். இருந்தாலும் அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டியிருக்கும். சந்தையில் வட்டி விகிதம் உயர்ந்திருந்தால் அந்த விலை வாங்கிய விலையைவிடக் குறைவாகவும் இருக்கலாம்.

ஆகவே, முதிர்ந்த பத்திரத்தின் பணத்தைக் கையில் வைத்திருப்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. வட்டியின் கடைசி ரூபாய்க்கு அவர் கட்டும் வரி எவ்வளவு? வாங்கவிருக்கும் பத்திரத்தின் முதிர்வு வரையிலான வருவாய் எவ்வளவு? முதிர்வு வரை அந்தப் பணம் அவருக்குத் தேவைப்படாதா? 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு விடை பெரும்பாலும் பத்திரத்தின் பக்கம் சாய்கிறது. வரி வரம்புக்குக் கீழே இருப்பவருக்கு ஐயமின்றி வைப்பு நிதி. பன்னிரண்டு லட்சத்தின் விளிம்பில் நிற்பவருக்கோ இரண்டில் ஒன்றைத் தேர்வதில் விடை இல்லை. எத்தனை ரூபாய் வரை வைப்பு நிதி, எந்த ரூபாயிலிருந்து பத்திரம் என்று கோடு கிழிப்பதில்தான் இருக்கிறது.

நெடுஞ்சாலைகள் ஆணையம் 2012 ஜனவரியில் ஒதுக்கிய 8.30 சதவீதப் பதினைந்தாண்டுப் பத்திரங்கள் 2027 ஜனவரியில் முதிர்வடைய உள்ளன. அவற்றை வைத்திருப்பவர்களும் அப்போது இதே கணக்கைப் போட வேண்டியிருக்கும்.